எச்சில் கை

ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வந்து தாதிமை படிக்கிற ஒரு மாணவி. அதிகாலை நான்கரைக்கு எழுந்து, சுங்கச் சாவடி நெரிசலைக் கடந்து, எட்டு மணிக்கு லேபில் வந்து நிற்பாள். அன்றைக்குப் பெண் நோயாளிக்குச் சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீட்டர் போடும் பயிற்சி. படுக்கையில் இடுப்பு மாதிரி பொம்மை. கை சுத்தம், பொட்டலம் திறப்பது, கையுறை போடுவது எல்லாவற்றையும் அழகாகச் செய்தாள். இடது கையால் பெண்ணுறுப்பின் மடல்களை விரித்துப் பிடித்தாள். வலது கையில் ஃபோர்செப்ஸ் என்கிற இடுக்கி, அதில் பஞ்சு. மேலிருந்து கீழாக ஒரு முறை துடைத்து அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு, அடுத்த பஞ்சு. மூன்றாவது பஞ்சு முடிந்ததும் கதீட்டர் வேண்டும். டிரே கொஞ்சம் தள்ளி இருந்தது. மடல்களை விட்டுவிட்டு, இடது கையை நீட்டி டிரேயைத் தன் பக்கம் இழுத்தாள்.

நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். "அது எச்சில் கைம்மா."

அவள் கை அப்படியே நின்றது. அடுத்த கட்டிலில் நின்ற சீன மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது.

நான் சிங்கப்பூரில் பல வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தாதிமைப் பயிற்சி லேபில் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்டெரைல் முறையை, அதாவது கிருமி நீக்கிய பொருளில் மறுபடி கிருமி படாமல் வேலை செய்வதை, விளக்க எத்தனையோ வழி முயன்றிருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல் போல எதுவும் வேலை செய்ததில்லை. நம் வீட்டில் கையால் சாப்பிடும்போது வலது கை எச்சில் கை. இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால் இடது கையால்தான் கரண்டியை எடுப்போம். யாரும் பாடம் நடத்தி இதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு கை தொட்டாயிற்று, இன்னொரு கை தொடவில்லை, இரண்டும் கலக்கக் கூடாது என்பது நான்கு வயதிலேயே நம் உடம்புக்குள் போய்விடுகிறது. கதீட்டர் போடும்போதும் அதேதான். நோயாளியின் தோலைத் தொட்ட இடது கை, கையுறை போட்டிருந்தாலும், அந்த நொடியிலிருந்து எச்சில் கை. அது பிடித்த இடத்திலேயே இருக்க வேண்டும். டிரேக்குத் திரும்பி வரக் கூடாது. வலது கை மட்டும்தான் டிரேக்கும் நோயாளிக்கும் இடையில் போய் வரும், அதுவும் ஃபோர்செப்ஸையோ கதீட்டரையோ பிடித்தபடி.

அந்தப் பெண் ஒரே அசைவில் இரண்டு தப்பு செய்திருந்தாள். எச்சில் கை டிரேயைத் தொட்டது ஒன்று. பலர் கவனிக்காத இன்னொன்று, கையை எடுத்ததும் மடல்கள் மூடிக்கொண்டன. துடைத்துச் சுத்தம் செய்த சிறுநீர்த் துவாரத்தின் மேல், துடைக்காத தோல் வந்து படுத்துவிட்டது. கையுறையை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. டிரே போயிற்று, அதற்குள் இருந்த கதீட்டரும் போயிற்று, துடைத்ததும் வீண். புதுப் பொட்டலம், புதுக் கையுறை, துடைப்பதும் முதலிலிருந்து.

நான் அவளை நிறுத்தியது அந்த நொடியில்தான். ஆனால் தப்பு நடந்தது அதற்குப் பத்து நிமிடம் முன்பு. அவள் வலது கைக்காரி. நோயாளியின் இடது பக்கம் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் கட்டிலைப் பார்த்து நின்றால் நோயாளியின் கால் நம் இடது கைப் பக்கம் வரும். டிரே வைக்கிற இடம் கால் பக்கம்தான். ஆக, டிரேக்குக் கிட்ட இருந்தது அவளுடைய இடது கை. கிட்ட இருக்கிற கைதானே நீளும்? வலது கைக்காரர்கள் நோயாளியின் வலது பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அங்கே நின்றால் டிரே வலது கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், இடது கைக்கு நீள வேண்டிய தேவையே வராது. இடது கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். அந்தப் பக்கம் நின்றதற்குக் காரணம் கேட்டேன். "டிராலி அங்கதான் இருந்துச்சு, டீச்சர்" என்றாள். அவளுக்கு முன் பயிற்சி செய்தவர் விட்டுப்போன இடத்திலேயே டிராலி இருந்திருக்கிறது.

அதிலிருந்து, பொட்டலத்தைத் தொடுவதற்கு முன்னால் மாணவர்களை வெறுங்கையோடு நிற்கச் சொல்கிறேன். எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய், டிரே எங்கே வரும், குப்பைப் பை எங்கே, அழுக்குப் பஞ்சு டிரேயைத் தாண்டாமல் பைக்குப் போகுமா, விளக்கு சரியாக விழுகிறதா. இதையெல்லாம் கையுறைக்கு முன் பார்க்காவிட்டால் பின்னால் கையுறையோடு விளக்கைத் திருப்புவார்கள். கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். துவாரம் சரியாகத் தெரியவில்லை என்றதும் கை தானாக விளக்கின் கைப்பிடிக்குப் போகும்.

சரி, பொட்டலம். ஸ்டெரைல் ஃபீல்டு என்று நாங்கள் சொல்வது, கிருமி நீக்கிய பொருள்களை மட்டும் வைப்பதற்காக விரிக்கிற அந்தத் துணி அல்லது தாள் பரப்பை. முதலில் டிராலியைத் துடைத்துக் காய விட வேண்டும். காய விட வேண்டும் என்பதை எல்லோரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வடையைச் சுற்றி வைத்த பழைய தாளைப் பாருங்கள். எண்ணெய் உள்ளிருந்து வெளியே வந்து கறையாகத் தெரியும். ஈரமும் அப்படித்தான் தாளுக்குள் ஏறும். கீழே இருக்கிற டிராலி ஸ்டெரைல் கிடையாது. அதன் மேல் ஈரம் இருந்தாலோ, நாம் உப்பு நீரை ஊற்றும்போது தெறித்து விரிப்பு நனைந்தாலோ, கீழே உள்ள கிருமி ஈரத்தோடு ஏறி மேற்பரப்புக்கு வந்துவிடும். அடியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள விரிப்பு என்றால் கொஞ்சம் தாங்கும். வெறும் தாள் அல்லது துணி என்றால் நனைந்த இடத்தை இழந்துவிட்டோம் என்றே கணக்கு. அதனால்தான் உப்பு நீரை ரொம்ப உயரத்திலிருந்து ஊற்றக் கூடாது. கிண்ணத்தை விரிப்பின் ஓரத்துக்குக் கிட்ட வைத்து, சுமார் 10 முதல் 15 செண்டிமீட்டர் மேலிருந்து, மெதுவாக. பாட்டில் கிண்ணத்தைத் தொடவும் கூடாது, பாட்டில் பிடித்த கை விரிப்புக்கு மேலே போகவும் கூடாது.

பொட்டலத்தின் நான்கு மடிப்பைத் திறக்கும் வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள் என்று சொல்வேன். காரணம் தெரிந்தால் வரிசை தானாக வரும். நம் கை ஸ்டெரைல் இல்லை. தோலிலிருந்து செதில்கள் எப்போதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். திறந்த பரப்புக்கு மேலே கை போனால் தொடாமலேயே அதன் மேல் ஏதோ விழுகிறது. ஆகவே நமக்கு எதிர்ப்பக்க மடிப்பை முதலில் திறக்கிறோம், உள்ளே இன்னும் மூடித்தானே இருக்கிறது. பிறகு பக்கவாட்டு மடிப்புகள், ஒவ்வொன்றையும் அந்தந்தப் பக்கத்துக் கையால். நமக்குக் கிட்ட உள்ள மடிப்பு கடைசி. அதைத் திறந்தபின் பரப்புக்கு மேலே கை போகவே வேண்டியதில்லை. தலைகீழாகத் திறந்தால், எதிர்ப்பக்க மடிப்புக்காகத் திறந்த பரப்பு முழுவதையும் தாண்டிக் கையை நீட்ட வேண்டியிருக்கும்.

இதை வீட்டில் பழக நான் சொல்லிக் கொடுக்கிற வழி: ஒரு முழுப் பேப்பரை வைரம் போலத் திருப்பி வைத்து, நடுவில் ஒரு டம்ளரோ எலுமிச்சம்பழமோ வைத்து, நான்கு மூலையையும் மடக்கி, சாப்பாட்டு மேசையில் திறந்து பாருங்கள். அக்காவோ தம்பியோ எதிரே உட்கார்ந்து உங்கள் மணிக்கட்டை மட்டும் கவனிக்கட்டும். டம்ளருக்கு மேலே போகிறதா, இல்லையா. பத்து தடவை செய்தால் போதும். பேப்பரில் பழகினவர்களை லேபில் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். அவர்களுடைய கை பரப்பைச் சுற்றிப் போகும்.

விரிப்பின் ஓரம் ஒரு அங்குலம், அதாவது 2.5 செண்டிமீட்டர், ஸ்டெரைல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். டிராலி விளிம்புக்குக் கீழே தொங்குகிற பகுதியும் இல்லை. தொங்குவதை மேலே இழுத்துவிட்டால் அது மறுபடி ஸ்டெரைல் ஆகிவிடாது. எச்சில் உவமை இங்கே முழுசாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எச்சில் என்றால் வாய் பட்டது. கழுவினால் போய்விடும். ஸ்டெரைலில் அழுக்குப் பட்டால்தான் கெடும் என்றில்லை, சுத்தமானது பட்டாலும் கெடும். "இப்பதானே கை கழுவினேன், டீச்சர்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். கழுவின கை சுத்தமான கை. ஸ்டெரைல் கை இல்லை. கெட்டுப்போன கையுறையை ஆல்கஹால் தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது. கழற்ற வேண்டும், கையைச் சுத்தம் செய்ய வேண்டும், புதிது போட வேண்டும்.

கையுறைதான் எல்லோரும் பயப்படுகிற இடம். முதல் கையுறையில் அல்ல, இரண்டாவதில்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கையுறைப் பாக்கெட்டை ஸ்டெரைல் விரிப்பின் மேல் வைத்துத் திறக்காதீர்கள். வெறுங்கையோடு விரிப்புக்கு மேல் வேலை பார்ப்பதாக ஆகிவிடும். வேறொரு சுத்தமான, காய்ந்த இடத்தில், இடுப்பு உயரத்தில் வையுங்கள். உள்தாளை விரித்ததும் அது பழைய மடிப்பு நினைவில் திரும்ப மூடிக்கொள்ளப் பார்க்கும். மூலைகளைப் பிடித்து வெளிப்பக்கமாக நன்றாக மடக்கி அழுத்திவிட வேண்டும். பாதி கையுறை போட்ட நிலையில் தாள் துள்ளி எழுந்து மற்றக் கையுறையை மூடிக்கொள்வதும், அதை விரலால் தள்ளப் போய்க் கெடுப்பதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிற காட்சி.

அப்புறம், கை காய்ந்திருக்க வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெளியிலிருந்து ஓடி வந்தவர்களின் உள்ளங்கை வியர்த்திருக்கும். அதன் மேல் ஆல்கஹால் தேய்த்துவிட்டுக் காய்வதற்குள் கையுறையை இழுப்பார்கள். ஈரத் தோலில் ரப்பர் வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். விரல் பாதியில் நிற்கும். அங்கேதான் பதற்றம் ஆரம்பிக்கிறது. 20, 30 வினாடி தேய்த்து முழுக்கக் காய விடுங்கள். சைஸும் முக்கியம். 6½ போடுகிறவர் அவசரத்தில் 6 எடுத்தால் அதே கதைதான்.

கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் வெளியே மடித்து விடப்பட்டிருக்கும். மடிப்பில் நமக்குத் தெரிகிற பகுதி உண்மையில் உள்பக்கம், நம் தோலைத் தொடப்போவது அதுதான். வெறுங்கை அதை மட்டும் தொடலாம். இடது கைவிரலால் வலது கையுறையின் அந்த மடிப்பைப் பிடித்துத் தூக்கி, மேசையிலிருந்தும் உடம்பிலிருந்தும் தள்ளி, வலது கையை உள்ளே விட வேண்டும். மடிப்பை விரிக்கக் கூடாது. ஏதாவது விரல் தப்பான இடத்தில் போய்விட்டதா? விட்டுவிடுங்கள். இரண்டு கையும் போட்டபிறகு சரிசெய்துகொள்ளலாம். இதை நம்புவது கஷ்டம், ஆனால் இதுதான் எனக்குத் தெரிந்த மிக உபயோகமான ஒரே விதி. வெறும் இடது கையால் வலது கையுறையின் விரலைச் சரிசெய்யப் போனவர்கள்தான் அதிகம் கெடுத்திருக்கிறார்கள்.

இப்போது வலது கை ஸ்டெரைல். அதன் நான்கு விரலை இடது கையுறையின் மடிப்புக்கு அடியில், அந்தப் பைக்குள், நுழைக்க வேண்டும். அங்கே இருப்பது வெளிப்பக்கம், ஸ்டெரைல். ஸ்டெரைலை ஸ்டெரைல் தொடுகிறது. நான்கு விரலுக்கு இது தெரியும். கட்டைவிரலுக்குத் தெரியாது. கட்டைவிரலின் இயல்பே எதிரே வந்து கிள்ளிப் பிடிப்பது. பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. இழுக்கிற நேரத்தில் அது முன்னால் வந்து, மடிப்பின் உள்பக்கத்தையோ இடது மணிக்கட்டின் தோலையோ தொட்டுவிடும். செய்தவருக்கே தெரியாது, ஏனென்றால் அவர் கண் இடது விரல்கள் நுழைகிறதா என்பதில் இருக்கும். வலது கட்டைவிரலைப் பின்னால் சாய்த்து, சவாரிக்கு வண்டி நிறுத்துகிறவர் காட்டுவது போல விறைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இழுத்து முடித்து, மடிப்பு மணிக்கட்டுக்கு மேல் போய் நின்றபிறகுதான் அது இறங்கலாம்.

எங்கள் லேபில் இதைக் காட்டுவதற்கு ஒளிரும் பொடி வைத்திருக்கிறோம். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும். மாணவரின் வெறுங்கையில் தடவி, கையுறை போடச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடிப்பேன். பெரும்பாலும் மின்னுவது இரண்டு இடம்: வலது கட்டைவிரலின் பக்கவாட்டு, இடது மணிக்கட்டு மடிப்பு. பொடியைச் சட்டையின் வயிற்றுப் பகுதியில் தடவிச் செய்த நாளில் விரிப்பின் கிட்ட உள்ள ஓரம் முழுக்க மின்னியது. டிராலியில் சாய்ந்து நின்றிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலும் ஒரு நாள் தடவினேன். விரிப்பின் நடுவில் கோடு போட்டாற்போல் ஒரு பச்சைக் கீற்று. அதிலிருந்து அட்டையைப் பையில் போடாமல் யாரையும் தொடங்க விடுவதில்லை.

அறுவைக் கூடத்தில் ரப்பர் கையுறை வந்த கதையைச் சில சமயம் சொல்வேன். 1889-90 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கிருமிநாசினிக் கரைசலில் கை முக்கி முக்கிக் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதியின் தோல் வெந்துபோக, டாக்டர் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொல்லி ஏற்பாடு செய்தார். தாதியின் கையைக் காப்பாற்றத்தான் அது முதலில் வந்தது, நோயாளியை அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கும் மாணவர் மனதில் கையுறை என்றால் தன் கைக்குப் பாதுகாப்பு. போட்டதும் தோள் தளரும், கை இறங்கும், சிலர் இடுப்பில் வைத்துக்கொள்வார்கள், சிலர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளுவார்கள். வார்டில் நாள் முழுக்கப் போடுகிற சாதாரணக் கையுறையில் அப்படிப் பழகியிருக்கிறது. ஸ்டெரைல் கையுறை போட்ட கைக்கு ஒரே இடம்தான்: நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில், உடம்புக்கு முன்னால், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒன்றையொன்று பிடித்தபடி. கண்ணிலிருந்து மறைந்த கை எதைத் தொட்டது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

நான் படித்த காலத்தில் நடந்த ஒன்றை இங்கே எழுத வேண்டும். தேர்வு. பொம்மைக்குப் புண் கட்டு மாற்ற வேண்டும். இரண்டாவது கையுறை இழுக்கும்போது கட்டைவிரல் மணிக்கட்டில் பட்டது எனக்குத் தெரிந்தது. தேர்வாளர் அந்த நேரம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் தொடர்ந்தேன். தேர்ச்சியும் பெற்றேன். பல மாதம் கழித்து வார்டில் ஒரு மூதாட்டிக்குக் கதீட்டர் போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, திரை மூடியிருந்தது, அதே கட்டைவிரல், அதே இடம். அந்த நிமிடம் என் மனதில் வந்த முதல் எண்ணம், யாரும் பார்க்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தேர்வு அறையில் நான் பழகியது கையுறை போடுவதை அல்ல, பேசாமல் தொடர்வதை. அன்று கையுறையைக் கழற்றி, "கொஞ்சம் பொறுங்க பாட்டி, புதுசு எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்தேன். பாட்டி முணுமுணுக்கக்கூட இல்லை.

அதனால் எங்கள் லேபில் மதிப்பெண் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். கெடுத்ததைத் தானே கண்டு, வாய்விட்டுச் சொல்லி, மாற்றினால் குறைப்பு இல்லை. கெடுத்ததைக் காணாமல் தொடர்ந்தால் தோல்வி. டிராலியின் கீழ்த் தட்டில் எப்போதும் இன்னொரு ஜோடிக் கையுறையும் இன்னொரு கதீட்டரும் திறக்காமல் இருக்கும். கதீட்டர் தேவைப்படுவது கெடுத்தவர்களுக்கு மட்டுமல்ல. பெண் நோயாளியில் சில சமயம் கதீட்டர் யோனிக்குள் போய்விடும், சிறுநீர் வராது. அதை உருவி அதையே மறுபடி போடக் கூடாது. அடையாளத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள சரியான துவாரத்தில் புதியதைப் போட்டபின் பழையதை எடுப்போம். புதியது கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லையென்றால், அவசரத்தில் பழையதையே உபயோகிக்கத் தோன்றும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவர் வெளி உறையைப் பிரித்து, விரிப்பைத் தொடாமல், மேலிருந்து உள்ளே போட்டுக் கொடுப்பார். தனியாக இருந்தால் கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஜொகூர்ப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்துத் தேர்வு. நான் மூலையில் நின்று பார்த்தேன். உள்ளே வந்ததும் டிராலியைக் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். அடையாள அட்டை பையில். விளக்கைத் திருப்பினாள், குப்பைப் பையை வலது பக்கம் மாட்டினாள். டிராலியைத் துடைத்துவிட்டுக் காயும் வரை கையைக் கட்டி நின்றாள். எதிர் மடிப்பு, பக்க மடிப்புகள், கிட்ட உள்ளது. முதல் கையுறை. இரண்டாவதை இழுக்கும்போது நின்றுவிட்டாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எதையும் கவனிக்கவில்லை. நானும் நின்ற இடத்திலிருந்து எதையும் பார்க்கவில்லை.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். "கட்டைவிரல் பட்டுடுச்சு. மாத்துறேன்" என்று முதலில் தமிழில் வந்தது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டையும் கழற்றிப் பையில் போட்டு, கையைத் தேய்த்து, காய விட்டு, குனிந்து கீழ்த் தட்டிலிருந்த பாக்கெட்டை எடுத்தாள்.